கிண்ணம் சுற்றிய மூன்று நொடி

விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் யூனிட் சின்னது. மண்ணும் சூளையும் கணவர் பொறுப்பு. போட்டோ, மெயில், பார்சல் எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் அவர் புதிதாக, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஒரு பச்சைக் கிளேஸ் பூசிய கிண்ணம் செய்தார். பாண்டிச்சேரியில் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் போனில் கேட்டார்.

"கஸ்டமருங்களுக்கு மெயில் போடப் போறேங்க. வீடியோ மெயிலுக்குள்ள ஓடாது. கிண்ணம் சுத்துற மாதிரி ஒரு ஜிஃப் பண்ணித் தாங்க. ஒரு எம்பிக்குள்ள இருக்கட்டும்."

கிண்ணத்தைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்துக் கணவரே வீடியோ எடுத்தார். இலவச மென்பொருள் ஒன்றில் அதை ஜிஃப்பாக மாற்றினேன். திறந்து பார்த்தால் பச்சை முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. சைஸோ பதினெட்டு எம்பி.

"பாசி புடிச்ச மாதிரி இருக்குதே" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தேடிப் படித்தேன். ஜிஃப்பின் ஒரு பேலட்டில், அதாவது நிறப் பட்டியலில், 256 நிறங்களுக்கு மேல் இடம் கிடையாதாம். நான் எதுவும் சொல்லாததால் மென்பொருள் எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரு பேலட்டை எடுத்துக்கொண்டிருந்தது. அதில் எங்கள் பச்சைக்கு நாலைந்து நிறம்தான் கிடைத்திருக்கும். முதலில் வீடியோ முழுவதையும் அலசி அதற்கென்றே ஒரு பேலட் தயாரிக்க வேண்டும். அப்புறம் அதை வைத்து ஜிஃப் செய்ய வேண்டும். அப்படிச் செய்ததும் பச்சைக்கு உயிர் வந்தது.

ஆனாலும் முழுசாக வரவில்லை. கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது பூப்போட்ட மேஜை விரிப்பு. அதிலிருந்த சிவப்பும் மஞ்சளும் பேலட்டில் பாதியைத் தின்றுவிட்டன. இன்னொன்றும் புரிந்தது. ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் மாறாத இடத்தை ஜிஃப் திரும்பச் சேமிப்பதில்லை. கை நடுங்கியதால் எல்லா இடமும் மாறிக்கொண்டே இருந்தது. சைஸ் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"இன்னொரு தடவை எடுப்போங்க. பின்னால வெள்ளைச் சார்ட்டுப் பேப்பர் வச்சி, போனைச் செங்கல்லுல சாய்ச்சி வச்சிரலாம்" என்றேன்.

அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, அது நிதானப்பட்ட பிறகு வந்த ஒரே ஒரு சுற்றை, மூன்று நொடி, நான் வெட்டி எடுத்தேன். கிளேஸ் வழிந்து நின்ற ஒரு சொட்டை அடையாளம் வைத்து, அது பழைய இடத்துக்கு வருவதற்கு ஒரு பிரேம் முன்னால் நிறுத்தினேன். அதே பிரேம் இரண்டு முறை வந்தால் ஓட்டம் தட்டும். அகலத்தை 320 பிக்சலாகக் குறைத்தேன். நொடிக்கு முப்பது பிரேமுக்குப் பதில் பன்னிரண்டு. பேலட்டில் இல்லாத நிறத்தைக் கலந்து காட்ட மென்பொருள் தூவும் புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறி ஆடாமல், ஒரே ஒழுங்கில் நிற்கிற முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு எம்பிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிண்ணம் சுற்றியது.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் விளிம்புப் பக்கம் பழுப்பாக ஏதோ ஒன்று வந்து போனது. பேலட்டைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பத் தயாரித்தேன், புள்ளி முறையை மாற்றினேன், பழுப்பு போகவில்லை. கடைசியில் மூல வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். அதிலும் இருந்தது.

"என்னங்க, அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் எடுத்தாங்க."

இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புத் தடம். அலமாரியில் இருந்த மற்ற கிண்ணங்களிலும் ஏறக்குறைய அதே மாதிரி. அவர் தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது.

"கிளேஸ் வாளியில முக்கறப்ப நான் புடிக்கிற எடம். கிளேஸு மெலிசாயிடுது, உள்ள இருக்கிற மண்ணு நெறம் தெரியுது" என்றார். "தெனமும் கையில எடுக்கிறேன், கண்ணுல படவே இல்ல பாரேன்."

"சுத்துற படத்துல அது மட்டுந்தானே வந்து வந்து போவுது" என்றேன்.

வேறு கிண்ணத்தை வைத்து எடுக்கலாமா என்று யோசித்தோம். எல்லாவற்றிலும் அது இருக்கும்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படியே அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கார அம்மா கூப்பிட்டார். "அந்தப் பழுப்பு எல்லாக் கிண்ணத்துலயும் வருமாங்க? அது இருக்கிறதுதான் வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க."

போனை வைத்ததும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நேரே கிளேஸ் வாளியிடம் போனார். அன்றைக்கு வேண்டுமென்றே அழுத்திப் பிடித்து முக்கினார். சூளை ஆறித் திறந்தபோது சிலதில் பழுப்பு அகலமாக வந்திருந்தது, சிலதில் வரவே இல்லை. ஏன் என்று இருவருக்கும் விளங்கவில்லை. அடுத்த முறை வாளிக்குப் பக்கத்தில் போனைச் செங்கல்லில் சாய்த்து வைக்கச் சொன்னார். முக்கும்போது கை எப்படிப் போகிறது என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.