பலகையா, இரட்டைக் கண்ணாடியா

கண்டியில் எங்கள் வீட்டு முன் யன்னல் கலவரத்தின்போது கல்லெறியில் நொறுங்கியது. அதன்பின் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அதற்குப் பலகை அடித்துத்தான் இருந்தோம். அந்த இருட்டு எனக்குப் பிடித்துப்போயிருந்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

ரொறன்ரோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டிலும் தெருப்பக்கம் பெரிய யன்னல் ஒன்று, ஒற்றைக் கண்ணாடியோடு. மார்கழியில் அதன் உட்பக்கத்திலேயே பனி உறையும். ஹீட்டர் ஓயாமல் ஓடியும் அந்த அறையில் கை விறைக்கும். இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றார் என் கணவர். பலகை அடிப்போம் என்றேன் நான்.

அளக்க வந்தவர் யூ மதிப்பு என்று ஒன்றைச் சொன்னார். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீற்றர் வழியாக எத்தனை வாற் (வாட்) சூடு வெளியேறும் என்பதுதான் அது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8, இரட்டைக்கு 2.8. நடுவில் அடைபட்ட காற்றுத்தான் சூட்டை மறிக்கிறது.

நான் கண்டியில் பௌதிகம் படிப்பித்தவள். விடுவேனா? யன்னல் மூன்று சதுர மீற்றர், உள்ளே இருபது பாகை, வெளியே மைனஸ் பத்து. ஒற்றைக் கண்ணாடியில் 522 வாற் போகிறது, இரட்டையில் 252. பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத் தகடு வைத்து அடித்த பலகைக்கு யூ மதிப்பு ஒன்றுதான், 90 வாற்றோடு முடிந்துவிடும். கணக்குப் போட்ட தாளைக் கணவர் முன்னால் வைத்தேன். வகுப்பில் பிழை பிடித்தவள்போல எனக்கு ஒரே புளுகம், பெருமை தாளவில்லை.

அவர் தாளை நிதானமாகப் பார்த்தார்.

"கணக்கு சரி. ஆனா உமக்குக் குளிரில்லை, பயம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், அவர் சொன்னது உண்மைதானென்று பட, கண்ணாடிக்காரருக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

புதுக் கண்ணாடி போட்டு ஒரு கிழமை இருக்கும். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழான ஒரு பகல். யன்னலடியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தடாலென்று ஒரு சத்தம். எப்போது கதிரையை விட்டு மேசைக்கடியில் போனேனென்று தெரியாது. கோப்பி நிலமெல்லாம் கொட்டிக்கிடந்தது.

தலையை நீட்டிப் பார்த்தேன். தெருப் பிள்ளைகள் எறிந்த பனி உருண்டை, வெளிக்கண்ணாடியில் அப்பிக் கிடந்தது. கீறல்கூட இல்லை. பழைய கண்ணாடியென்றால் உள்ளிருந்து கசியும் சூட்டில் கரைந்து வழிந்திருக்கும். இது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உட்கண்ணாடியில் கை வைத்தேன். முன்போலச் சில்லிடவில்லை. அழுகை வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவர், யன்னல் திரையை இழுத்து மூடப் போனார்.

"வேண்டாம்," என்றேன். "திறந்தே இருக்கட்டும்."