முதல் படம் எது?

நூலகத்து மேல்மாடி மண்டபத்தில் அவரை முதலில் பார்க்கிறவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் திரையின் அடியில் வரும் வசன எழுத்து தெரியுமா என்று, படம் தொடங்கும் வரை, நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ‘சப்டைட்டில் அக்கா’ என்று பெயர் வந்தது. வேலை, புத்தகம் திரும்ப வாங்கும் மேசையில்.

பல நாட்டுப் பெண்கள் இயக்கிய ஆறு படங்களை ஆறு சனிக்கிழமை திரையிட வேண்டும் என்பது அவர் திட்டம். அனுமதிக் கடிதங்களுக்கே ஏழு மாதம் ஆனது. அதைவிடப் பாடுபட்டது வரிசைக்கு. முதலில் ஈரான் படம்: ஒன்றரை மணி நேரம், அம்மாவின் கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சிறுமி, வசனம் குறைவு, எழுத்தைப் படித்துப் பழகாத கண்ணும் தடுமாறாது. அடுத்து நியூசிலாந்து நகைச்சுவை. பிறகு தன் தாயையே படம்பிடித்த செனகல்காரியின் ஆவணப்படம். நான்காவது அர்ஜென்டினா; கதையில் பாதி திரையில் தெரியாது, சத்தமாக மட்டுமே கேட்கும். அதற்குள் காதும் கண்ணும் பழகியிருக்கும். பிரான்சின் நூறு வயது மௌனப்படமும், மூன்று மணி நேரம் நிதானமாக நகரும் பெல்ஜியம் படமும் கடைசியில்.

நூலகச் செயலாளர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். நோட்டீஸ் அச்சாகி வந்தபோது வரிசை முழுக்க, படம் வெளிவந்த வருஷப்படி மாறியிருந்தது.

“என்ன சார் இது? மௌனப்படம் முதல்லயா?”

“பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. சரித்திரம் அப்படித்தானேம்மா?”

“சார், இது பரீட்சை இல்லை. பாக்க வர்றவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க.”

“அச்சடிச்சாச்சும்மா.”

தேதிகளை மாற்றித் தரச் சொல்லிப் பட உரிமையாளர்களுக்கெல்லாம் அக்கா மறுபடி கெஞ்சி எழுதினார். மூன்றாம் வாரம் இருபது பேராவது வராவிட்டால் மண்டபம் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய்விடும் என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

முதல் சனிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். விநாடிக்குப் பதினெட்டு ஃபிரேமாக எடுத்த படம் இருபத்துநான்கு ஃபிரேம் வேகத்தில் ஓடியது. சாவு வீட்டுக் காட்சியிலும் எல்லாரும் எறும்பு மாதிரி ஓடினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “சவுண்டு!”

“சவுண்டே கிடையாதுண்ணா.”

“அப்புறம் ஸ்பீக்கர் எதுக்கு, துணி காயப்போடவா?”

இரண்டாம் வாரம் பெல்ஜியம். பதினோரு பேர் வந்தார்கள். முடியும்போது நான்கு பேர். வீட்டில் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “படம் நகரலைன்னு ஜனங்க நகந்துட்டாங்க.” அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஈரான் படத்தைப் பற்றிப் பேசினார். சென்ற முறை ஏமாந்தவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினார்கள். நோட்டீஸ்படி அது நான்காவது. செயலாளரிடம் சண்டை போட்டு மூன்றாவதாக்கினார்.

பதினாறு பேர் வந்தார்கள். சிறுமி கடைக் கதவைத் தனியாகத் தூக்கித் திறந்தபோது பதினாறு பேரும் கைதட்டினார்கள். வெளியே வந்த ஓர் அம்மா கேட்டார்: “இதை முதல்லயே போட்டிருக்கலாமே?”

“போட்டிருக்கலாம்,” என்றார் அக்கா.

மீதி மூன்று படங்களும் திரையிடப்படவில்லை. சனிக்கிழமைகளில் மண்டபத்தில் இப்போது பேச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. அக்கா அதே மேசையில் இருக்கிறார். எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயரை எழுதித் தருகிறார். பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான், தன் பழைய வரிசைப்படி அடுத்தது. இதுவரை மூன்றாம் பெயர் வரை வந்தவர்கள் ஐந்து பேர்.