ஆறரைக்கு ஒன்றாகாத முட்கள்

செவ்வந்தியின் அண்ணன் வேலுமணி இறந்து மூன்று வருடமாகியும், மாலை ஆறரை மணி அவளுக்கு ஆகாத நேரமாகவே இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் ரேடியோ பாடக்கூடாது. அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை வரை போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவாள். எதற்கு என்று அம்மா மாரியாத்தாள் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் அது. வேலுமணி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஈஸ்வரமூர்த்தி என்பவரின் வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் தங்கையை மட்டும் விடாமல் படிக்க வைத்தான். "நீ பேங்க்ல உக்கோரோணும் செவ்வி. நான் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, ஏனுங் மேடம்னு கூப்பிடோணும்" என்பான். அவளைச் செவ்வி என்று கூப்பிட்டது அவன் ஒருவன்தான். வேலை முடிந்து, மோட்டரைப் போட்டுவிட்டு இருட்டோடு வரும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பான். அவள் டார்ச் அடித்துக் காட்டுவாள். பாலமாகப் போட்டிருந்த கல்லில் கால் வைத்து அவன் தாண்டி வருவான்.

தொண்ணூற்று மூன்று மார்கழியில் ஒரு நாள். செவ்வந்தி கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோதே ஆறேகால் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரேடியோவில் ஆறரை மணிச் செய்தி தொடங்கியது. அப்போதுதான் வாய்க்கால் பக்கமிருந்து குரல் கேட்டது.

"செவ்வி... ஏ செவ்வி..."

எப்போதும் போன்ற குரல். அவசரமோ பயமோ அதில் இல்லை. கை ஈரமாக இருந்தது, உடம்பும் அலுத்துப் போயிருந்தது. பழகின கல்தானே, தாண்டி வரட்டும் என்று அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

சற்று நேரம் கழித்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய ஒற்றை யானை தோட்டத்துக்குள் புகுந்திருந்தது. வாழைகள் சாய்ந்து கிடந்த இடத்தில் வேலுமணி கிடந்தான். அவன் கையிலிருந்து தெறித்து விழுந்த கடிகாரத்தை, பக்கத்துத் தோட்டத்து ஐயாசாமி வாரைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். கண்ணாடி போய்விட்டது. இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்றாக நேர் கீழே, ஆறைக் காட்டிக்கொண்டிருந்தன.

"ஆறரைக்கு நின்னு போச்சுங்க" என்றார் ஐயாசாமி. அதன்பின் ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆறரைக்கு ஆனை அடிச்சுப் போட்டது.

செவ்வந்தி மட்டும் அந்த வார்த்தையை வேறு மாதிரி கேட்டாள். ஆறரைக்கு அவன் தன்னைக் கூப்பிட்டான். யானைக்கு முன்னால் நின்று கூப்பிட்டான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒருவேளை டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து யானை திரும்பியிருக்கும். ஒருவேளை சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் ஓடியிருப்பார்கள். இதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாரியாத்தாள் கடிகாரத்தை மகனுடைய படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

தொண்ணூற்று ஆறில் செவ்வந்தி காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் வேலை பார்த்தாள். மதியத்துக்குமேல் வ.உ.சி. பூங்காவில் மரத்தடி பெஞ்சில் பேங்க் பரீட்சைக்குப் படித்தாள். கல்லூரித் தோழி புவனாவும், வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஆல்வினும் கூட இருப்பார்கள். மூவரும் கணக்குகளைப் போட்டுவிட்டு, கைடு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையை ஒத்துப் பார்ப்பார்கள்.

செவ்வந்தி கணக்கில் கெட்டி. ஆனால் கடிகாரக் கணக்குகள் வரும் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ஆவணியில் ஒரு நாள் புவனா விடவில்லை.

"ஏனுங் அம்மணி, ரெண்டு மார்க்கு சும்மா போகும். வா, இன்னைக்கு முடிச்சுப் போடலாம்."

முதல் கணக்கு: ஆறரை மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள கோணம் என்ன?

செவ்வந்தி எழுதிப் பார்க்கவே இல்லை. "பூஜ்யம்" என்றாள்.

ஆல்வின் புத்தகத்தைப் பார்த்தான். "பதினஞ்சு டிகிரின்னு போட்டிருக்குங்க."

"தப்பா அச்சடிச்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் தெனம் பார்க்கறேன்."

"எங்கெ பார்க்கறே?" என்று சிரித்தாள் புவனா. புவனா தாளில் ஒரு வட்டம் போட்டாள். "நிமிச முள்ளு ஒரு நிமிசத்துக்கு ஆறு டிகிரி போகும். முப்பது நிமிசத்துல நூத்தியெம்பது. நேரா ஆறு மேல வந்துரும், சரிதானே? மணி முள்ளு சும்மாவா நிக்கும்? அதும் நிமிசத்துக்கு அரை டிகிரி நகரும். ஆறு மணிக்கு நேரா ஆறு மேல இருந்தது, ஆறரைக்குள்ள பதினஞ்சு டிகிரி தாண்டிரும். ஆறுக்கும் ஏழுக்கும் நட்டநடுவுல நிக்கும்."

செவ்வந்தி வட்டத்தையே பார்த்தாள். "அப்ப ரெண்டும் எப்ப ஒண்ணு சேரும்?"

"அது அடுத்த கணக்கு" என்றான் ஆல்வின். "ஆறு மணிக்கு நிமிச முள்ளு முப்பது கோடு பின்னால இருக்கு. அறுபது நிமிசத்துல அது மணி முள்ளைவிட அம்பத்தஞ்சு கோடு அதிகமாப் போகும். முப்பதைப் பிடிக்க, முப்பதை அறுபதால பெருக்கி அம்பத்தஞ்சால வகுக்கோணும். முப்பத்திரெண்டு நிமிசம், அப்புறம் எட்டின் கீழ் பதினொண்ணு."

"அப்பவும் ஆறு மேல நேரா இருக்காதா?"

"இருக்காதுங்க. ஆறைத் தாண்டி, ஏழுக்குப் பாதி வழிக்கு மேல போயிருக்கும். ரெண்டு முள்ளும் ஒண்ணா நேரா ஆறைக் காட்டற நேரம்னு ஒண்ணு கடிகாரத்துலயே கெடையாதுங்க."

செவ்வந்தி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். புவனா பின்னாலேயே கேட் வரை வந்து, "என்னாச்சு கண்ணு?" என்று கேட்டாள். "தெரியலை, வீட்டுல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. அம்மா மாட்டைப் பிடித்துவரப் போயிருந்தாள். செவ்வந்தி படத்தின் கீழிருந்த கடிகாரத்தை மூன்று வருடத்தில் முதன்முறையாகக் கையில் எடுத்தாள். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தாள். நிமிட முள் தானாகச் சரிந்து மூன்றுக்கு வந்தது. மறுபக்கம் சாய்த்தாள். ஒன்பதுக்குப் போனது. தலைகீழாகப் பிடித்தாள். பன்னிரண்டில் போய் நின்றது. அடிபட்டதில் அது கழன்று, கனம் இழுத்த பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஐயாசாமி வாரைப் பிடித்துத் தூக்கியபோது கீழே தொங்கியது. ஆணியில் மாட்டியபோதும் கீழே தொங்கியது. அவ்வளவுதான்.

மணி முள்ளை விரல் நுனியால் தொட்டாள். அது அசையவில்லை. இறுக்கமாக, நேராக, ஆறின் மேல் நின்றது. ஆறரையாக இருந்தால் ஏழின் பக்கம் பாதி தூரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடிகாரம் நின்றது ஆறு மணிக்கு.

ஆறு மணிக்கு அவள் பஸ்ஸில் இருந்தாள்.

கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்துக்குப் போனாள். அவர் களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கய்யா, அண்ணன் செத்த அன்னைக்கு மோட்டர் எப்ப போட்டதுங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு அம்மணி இப்ப?"

"தெரிஞ்சுக்கோணுங்க."

"அன்னைக்கு மோட்டர் போடவே இல்லியே. ஆறு மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வந்துச்சு. வந்த உடனே போட்டுருவான், ஒரு நாளும் தவறினதில்லை. தண்ணி வரலியேன்னு நான் ஊட்டுல இருந்து வைதுட்டு இருந்தேன் கண்ணு. வெகு நேரங்கழிச்சு ஆளைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா, மோட்டர் ரூமுக்குப் போற தடத்துலயே கெடந்தான்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வைதது இன்னும் என் வாயிலயே இருக்குது."

திரும்பி வரும்போது செவ்வந்திக்கு உடம்பு லேசாக இருந்தது. அவள் டார்ச்சோடு ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் ஊருக்குள் காலெடுத்து வைக்குமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. வாய்விட்டு அழுதபடியே வாய்க்கால் வரை வந்தாள். பாலக்கல்லில் கால் வைத்தபோது அந்த இன்னொரு நினைப்பு வந்தது. கால் அப்படியே நின்றது.

அவன் ஆறு மணிக்கே போய்விட்டான் என்றால், ஆறரைக்கு இங்கே நின்று கூப்பிட்டது யார்?

வீட்டு வாசலில் மாரியாத்தாள் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகளின் கையிலிருந்த துணியைப் பார்த்தவுடன் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அதை எதுக்குக் கண்ணு எடுத்தே?"

செவ்வந்தி வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குரல் கேட்டது, தான் எழாமல் இருந்தது, புவனா போட்ட வட்டம், ஆடும் முள், ஆடாத முள், ஓடாத மோட்டர். மாரியாத்தாள் மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"நெசமாவே அவன் ஆறுக்கே போயிட்டானா?"

"ஆமாம்மா."

"கணக்குத் தப்பாதா?"

"தப்பாதும்மா."

மாரியாத்தாள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். எனக்கும் கேட்டுச்சு கண்ணு. நீ எந்திரிச்சுப் போயிருப்பேன்னு நெனச்சுப்போட்டேன்."

"உனக்கும் செவ்வின்னு கேட்டுச்சாம்மா?"

"இல்லியே." மாரியாத்தாள் மகளை வெறித்துப் பார்த்தாள். "அம்மோவ்னுதான் கூப்பிட்டான். ரெண்டு வாட்டி."

இருவரும் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒருவரும் இல்லை. மூன்று வருடமாக ஒரே கூரையின் கீழ் ஒரே பழியைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. பழி இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை. அதைப் பயம் என்று சொல்லலாமா என்றும் செவ்வந்திக்குத் தெரியவில்லை. மகன் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறான், அம்மாவை அம்மா என்றும் தங்கையைத் தங்கையின் பெயராலும் கூப்பிட்டிருக்கிறான். அவனுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்று எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை இல்லை.

மறுநாள் பூங்காவில் புவனாவிடம் அவள் கணக்கை மட்டும் சொன்னாள். குரலைச் சொல்லவில்லை. புவனா நெடுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூவரும் கடிகாரக் கணக்குகளில் மீதி இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டு முடித்தார்கள்.

அடுத்த வருடம் செவ்வந்தி பரீட்சையில் தேறினாள். பெருந்துறையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்தது. ஊரைவிட்டு வர மாரியாத்தாளுக்கு மனமில்லை. "அவன் வந்து பார்த்தா ஆளிருக்கோணுமல்லோ?" என்று நாலு மாதம் தனியாகவே இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டை ஐயாசாமியிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள்.

பெருந்துறையில் பக்கத்து வீட்டு ரங்கநாயகி அன்று சாயங்காலமே காப்பி கொண்டுவந்து கொடுத்து, "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று விசாரித்தாள்.

"ரெண்டுங்க" என்றாள் மாரியாத்தாள். "பெரியவனுக்கு அங்கத்த வேலை இன்னும் முடியலீங்க."

செவ்வந்தி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அம்மாவைத் திருத்தவில்லை.