கழித்தல் குறி

நாயுடுபுரத்து வீட்டில் நானும் மனைவியும் மலைப்பூண்டைக் கிலோ கிலோவாகப் பெட்டியில் அடைத்து ஓர் ஆன்லைன் தளத்தில் விற்று வந்தோம். புதன்கிழமைதோறும் கணக்கு அறிக்கை வரும், அடுத்த வாரம் பணம் வரும். அந்த மழைக்காலத்தில் இரண்டு வாரமாகப் பணம் வரவில்லை. 'ரிட்டர்ன்களுக்காக நிறுத்திவைப்பு' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது புதன்கிழமைதான் அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். கமிஷன், அனுப்பும் கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. பெட்டி பெரிதாக இருந்ததால் ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ கட்டணம். பூண்டு முளைத்துவிட்டது என்று திரும்பி வந்த பெட்டிகளுக்குக் கமிஷனைத் திருப்பித் தந்திருந்தார்கள். ஆனால் பெட்டி போன கட்டணத்தோடு அது திரும்பி வந்த கட்டணமும் எங்கள் தலையில். கடைசித் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது.

"ஏங்க, இன்னும் ஆறு ஆர்டர் வந்து கெடக்கு. வெரசா பெட்டிய எடுங்க" என்றாள்.

"இதுல ரெண்டு திரும்பி வந்தாக்கூட, நாமதான் அவங்களுக்குக் கட்டணும்."

அவள் டேப்பை வைத்துவிட்டு அறிக்கையை வாங்கிப் படித்தாள்.

ரத்து செய்தால் அபராதம். அதனால் ஆறையும் அனுப்பிவிட்டு, புது ஆர்டர் வராதபடி தளத்தில் இருப்பைப் பூஜ்யமாக்கினோம். பிறகு வாசலில் கூரியர் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால், பெட்டி இறங்குகிறதா என்று இருவரும் எட்டிப் பார்ப்போம். அந்த ஆறில் நான்கு பெட்டிகள் திரும்பி வந்தன. பாக்கியை என் சேமிப்பிலிருந்து கட்டினேன்.