மிச்சம் நின்ற ஒன்று

பரீட்சைக்கு முன்பு மாணவர்களே ஒருவருக்கொருவர் எடுக்கும் வகுப்பை எங்கள் பல்கலைக்கழகத்தில் குப்பி என்போம். வழக்கமாக அது நூலகத்துக்குப் பின்னால், மரத்தடியில் நடக்கும். அந்த முறை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில், ஆண்கள் வாட்டுக்கு வெளியே ஆட்கள் உட்காரக் கிடந்த மரவாங்கில் நடந்தது. என் சிநேகிதியின் தகப்பன் உள்ளே புற்றுநோயோடு படுத்திருந்தார். குவாண்டம் பாடத்தில் அவளுக்கு அது கடைசித் தடவை. தவறினால் பட்டம் இல்லை. பட்டமளிப்பு உடுப்போடு மகளைப் பார்க்க வேண்டும் என்று தகப்பன் தாதிமாரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

நான் அந்தப் பாடத்தில் முன்பே சித்தியடைந்து, அப்போது ஒரு பத்திரிகையில் பகுதிநேரமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவளுடைய விடையிலும் பிழை எங்கே என்று தேடத்தான் போனேன்.

கணக்கு இதுதான். ஸ்பின் அரை உள்ள இரண்டு துணிக்கைகள். ஒவ்வொன்றும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கலாம். சேர்த்தால் நான்கு நிலைகள்: ↑↑, ↑↓, ↓↑, ↓↓. மொத்த ஸ்பின் ஒன்றாக வருவன மூன்று, அவை ட்ரிப்லெட். பூச்சியமாக வருவது ஒன்று, அது சிங்லெட். ↑↑, ↓↓ இரண்டும் ட்ரிப்லெட்டுக்குப் போய்விடும். நடுவில் நிற்கும் இரண்டில்தான் அவள் தடுக்கினாள். போன முறையும் அங்கேதான் விழுந்திருந்தாள்.

"↑↓ ட்ரிப்லெட்டுக்கு, ↓↑ சிங்லெட்டுக்கு. ஆளுக்கொண்டு. சரிதானே?" என்றாள்.

தகப்பன் சாரத்தோடும் கையில் ஊசிக் குழாயோடும் வந்து பக்கத்தில் இருந்தார். வெங்காயத் தோட்டம் செய்தவர். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் கால் வெடிப்பில் செம்மண் போகவில்லை.

"என்ன பிள்ளை, காணி பிரிக்கிறியோ?"

"ஓமப்பா. கடைசித் துண்டிலை பிரச்சினை."

"உங்கடை மாமாவைக் கூப்பிடாதை. அந்தாள் வேலியையும் சேர்த்துப் பிரிச்சுப்போடும்."

அவள் சிரித்தாள். தகப்பன் இருமினார். பிறகு ஒவ்வொரு நாளும் பார்வையாளர் நேரத்தில் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"முடிஞ்சுதோ?"

"இல்லையப்பா, ஒண்டு மிச்சம்."

ஒரு பின்னேரம் அவளிடம் சொன்னேன்: "நீ பிரிச்சது சரியோ எண்டு என்னைக் கேளாதை. மொத்த ஸ்பின்னின்ரை வர்க்கத்தை ↑↓ மேலை போட்டுப் பார். அதே நிலை ஏதோ மடங்காய்த் திரும்பி வந்தால்தான் அதுக்கு நிச்சயமான மொத்த ஸ்பின் இருக்கு."

போட்டாள். ↑↓ மட்டும் திரும்பி வரவில்லை. ↓↑ உம் கூடவே வந்தது. ↓↑ மேல் போட்டபோதும் அதே கூட்டுத்தான் வந்தது. ஆக, தனியே எடுத்தால் இரண்டுக்கும் நிச்சயமான மொத்த ஸ்பின் இல்லை.  பிறகு இரண்டையும் கூட்டி, கூட்டலின் மேல் போட்டாள். அதே கூட்டல் இரண்டு மடங்காக வந்தது. மொத்த ஸ்பின்னை அதைவிட ஒன்று கூடிய எண்ணால் பெருக்கினால்தான் இந்த மடங்கு வரும்; ஒன்றை இரண்டால் பெருக்கினால் இரண்டு, ஆகவே மொத்த ஸ்பின் ஒன்று. அது ட்ரிப்லெட். கழித்துப் போட்டாள். இரண்டு வரிகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. பூச்சியம், அது சிங்லெட்.

"எடியேய்," என்றாள். "ரண்டிலையும் ரண்டும் இருக்கு. குறி மட்டுந்தான் வித்தியாசம்."

எழுந்து வாட்டுக்குள் ஓடினாள். உடனே திரும்பி வந்தாள். நோவுக்கு ஊசி போட்டிருந்தார்கள், தகப்பன் நித்திரை.

"நாளைக்குச் சொல்லுவம்," என்றாள்.

மறுநாள் அவர் கண் திறந்திருந்தார். ஆனால் அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை. அவள் கட்டிலில் குனிந்து, "அப்பா, முடிஞ்சுது" என்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னாள். அன்றிரவு அவர் போய்விட்டார்.

இறந்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச் சடங்குக்கு முதலே பரீட்சை வந்தது. மாமா முற்றத்தில் நின்றார்.

"எட்டு முடியேல்லை. அதுக்கிடையிலை படலையைத் தாண்டுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் மாமா. அப்பா இருந்திருந்தால் சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய் விட்டிருப்பார்."

மாமா படலையைத் திறந்துகொண்டு றோட்டுக்குப் போனார். பிறகு அவரே ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்வி வந்தது. நான்கு நிலைகளையும் காண்க, மொத்த ஸ்பின்னைச் சரிபார்க்க. மண்டப வாசலில் காத்திருந்த எனக்கு அவள் விடையை வரிவரியாகச் சொன்னாள். ஒரு பிழையும் இல்லை. கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கீழே வகுக்கும் √2 ஐயும் மறக்கவில்லை. பின்னர் பெறுபேறு வந்தபோது சித்தியடைந்திருந்தாள். பட்டமளிப்புக்குப் போகவில்லை, சான்றிதழைத் தபாலில் எடுத்துக்கொண்டாள்.

அன்று பரீட்சை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அவள் வேகமாக முன்னால் போனாள். தெல்லிப்பழை பஸ் புறப்பட நின்றது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டாள். கொண்டக்டர், "ஆஸ்பத்திரியடியோ தங்கச்சி?" என்று கேட்டான். இத்தனை நாளும் அவளை அங்கே இறக்கி முகம் தெரிந்தவன்.

அவள் காலை எடுத்தாள். பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டாள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.