சுருங்காத வளைகோடு

எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஓர் அலுமினியத் துண்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே இருந்த பல்கலைக்கழகத்தில், ஒரு நீளமான அறையில் எண்ணிக்கொண்டிருந்தேன். "அதுல என்னடி இருக்கு?" என்று அம்மா திருச்சியிலிருந்து போனில் கேட்பாள். உள்ளே எலக்ட்ரான் இருக்கும்மா என்பேன். அதுக்கு மேல் அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன்.

சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதிரியக்க சோடியம், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான்களை உமிழும். பாசிட்ரான் அலுமினியத்துக்குள் நுழைந்து, வேகம் இழந்து, ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கும். சந்தித்ததும் இரண்டும் மறைந்துபோகும். மறைந்த இடத்திலிருந்து இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். எலக்ட்ரான் அசையாமல் நின்றிருந்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் போகும். ஓடிக்கொண்டிருந்தால் கோடு இம்மி அளவு வளையும். அறையின் இரு கோடியிலும் ஈயச் சுவருக்குப் பின்னால் ஒவ்வொரு கருவி. ஒன்றைத் துளித்துளியாக நகர்த்தி, இரண்டும் ஒரே கணத்தில் துடிப்பதை எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் தாளில் ஒரு கவிழ்த்த கிண்ணம் வரும். கிண்ணத்தின் அகலம் எவ்வளவோ, அவ்வளவு வேகம் எலக்ட்ரான்களுக்கு. ஒரு கிண்ணம் வரைய நான்கு நாள் ஆகும். கம்ப்யூட்டர் தானே நகர்த்தும், தானே எண்ணும், தானே நிற்கும். நான் டிக் டிக்கென்ற ஓசையைக் கேட்டபடி, காணாமல் போகிறவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த அறையில் மணி எத்தனை என்று எனக்குப் பல நாள் தெரிந்ததில்லை.

அறை வெப்பத்தில் கிண்ணம் வரைந்தாகிவிட்டது. அடுத்து அலுமினியத்தைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் இன்னொன்று. "என்ன மாறுதுன்னு பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வழிகாட்டி ஒரு மாதத்துக்கு வெளியூர் போய்விட்டார். என்ன மாறும் என்று எனக்குத் தெரியாதா? குளிர்ந்தால் எல்லாம் அடங்கும், எலக்ட்ரானும் அடங்கும். கிண்ணம் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும் என்று பேப்பரில் கணக்கே போட்டு வைத்திருந்தேன்.

சங்கராந்தி விடுமுறை வந்தது. நான் ஊருக்குப் போக வேண்டும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். நைட்ரஜன் ஊற்றுகிற அண்ணா, "நீங்க போய்ட்டு வாங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா அங்கே ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணா எங்களிடம் மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். ஜனவரி கடைசியில்தான் ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பார்கள். அவர் தமிழ் ஒரு தினுசு. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. வெள்ளைப் புகை தரையில் வழிந்தோட, மேகத்துக்குள் முழங்கால் வரை நின்று ஊற்றுவார். எனக்கு அது பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

டிக்கெட் கிடைக்காமல் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினேன். நைட்ரஜன் பாத்திரம் காய்ந்து கிடந்தது. அது ஒன்றுமில்லை, சோதனைதான் முடிந்துவிட்டதே. கம்ப்யூட்டரைத் திறந்தேன். கிண்ணம் சுருங்கவில்லை. பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக அதே அகலம். குளிரைக் காட்டும் கம்பி டிசம்பரிலேயே அறுந்துவிட்டது, புதுசுக்கு எழுதிப்போட்ட ஃபைல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது; துண்டு குளிர்ந்ததா என்று பார்க்க வேறு வழியில்லை. ஒவ்வொரு முறை ஊற்றியதும் கையெழுத்திட வேண்டிய பதிவேட்டைப் புரட்டினேன். எட்டுக் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தன.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். நைட்ரஜன் தயாரிக்கும் பிளான்ட் அறைக்கு நேராகப் போனேன்.

"அண்ணா, நாலு நாளும் வந்தீங்களா?"

"ஹவ் மேடம். எட்டு வாட்டியும் ஊத்தினேன்."

"கையெழுத்து?"

"அது கடைசியா ஒண்ணா போட்டேன். அது என் தப்புதான்."

"அப்ப என் கர்வ் ஏன் சுருங்கலை?"

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு அது தெரியாது மேடம். நான் ஊத்தினேன்" என்றார். அன்று மதியமே நிர்வாக அலுவலகத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். விடுமுறையில் நைட்ரஜன் ஊற்றப்படவில்லை, சோதனை வீணாகிவிட்டது. இரண்டே வரி. அதிகாரி வாங்கி அண்ணாவின் நீட்டிப்பு ஃபைலிலேயே கோத்துக்கொண்டார்.

எங்கள் ஹாஸ்டல் நான்கு மாடி. அறைக்கு இரண்டு பேர், மூன்றாவது கட்டில் போட வார்டன் விடமாட்டார். தண்ணீர் கீழ்த்தளத்தில்தான் ஒழுங்காக வரும் என்பதால் எல்லோருக்கும் கீழ்த்தளம்தான் வேண்டும். முதலில் வந்தவர்கள் கீழே நிரம்பினார்கள், அடுத்தவர்கள் அதற்கு மேலே, நான் கடைசியாக வந்து நான்காவது மாடி. புகார் கொடுத்த பிறகு வந்த திங்கட்கிழமை காலை, வாளியோடு படியேறிக்கொண்டிருந்தேன். பனி மூட்டம். குளிருக்கு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, கட்டடமே உறங்கியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது சும்மா ஒன்று தோன்றியது. இவ்வளவு அடங்கிக் கிடந்தும் நான்காவது மாடிக்காரர்கள் நான்காவது மாடியில்தானே இருக்கிறார்கள். கீழே இறங்க ஆசையிருந்தும் காலியறை இல்லையே.

வாளியைக் கீழே வைத்தேன்.

உலோகத்துக்குள் எலக்ட்ரான்களும் அப்படித்தான். ஒரு நிலைக்கு இரண்டு பேர், அதற்கு மேல் இடமில்லை. அடியிலிருந்து ஒவ்வொரு மட்டமாக நிரம்பி ஓர் உச்சம் வரை போய் நிற்கும். குளிரவைத்தால் அவற்றால் அடங்க முடியாது, அடங்கி உட்காரக் கீழே காலி இடமே கிடையாது. வெப்பத்தை அடிமட்டப் பூஜ்யத்துக்கே கொண்டுபோனாலும் உச்சத்தில் இருப்பது உச்சத்தில்தான். அலுமினியத்தில் அது விநாடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகம். சாதாரண வாயு ஒன்றுக்கு அந்த ஆற்றல் வர வேண்டுமென்றால் லட்சம் டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அறையின் சூடெல்லாம் அந்த உச்சத்தின் விளிம்பைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். விளிம்பில் இருப்பவற்றுக்குத்தான் மேலே காலி இடம் உண்டு.

ஆக, நான் கையில் வைத்திருந்த முதல் கிண்ணமே அறைச் சூட்டுக்குப் பொருந்தாத அகலம். அறைச் சூட்டால் மட்டும் வந்த ஓட்டம் என்றால் அகலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. அதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ரொம்ப அழகாக இருந்தது. நான் கை வைத்திருந்த இரும்புக் கைப்பிடி சில்லென்று இருந்தது. அதற்குள்ளும் ஒருவரும் உறங்கவில்லை. வெளியே பாறைகள்மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. பிறகுதான் அண்ணாவின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்றே போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அரைமணி வேலை. பெறவில்லை. ஆதாரமில்லாமல் எப்படி எழுதுவது, இன்னொரு முறை குளிரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சோதனையால் அவர் சங்கராந்திக்கு வந்தாரா என்பது தெரியப்போவதில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கிண்ணம் அதேதான், அது சாட்சி சொல்லத் தகுதி இல்லாதது. அதுவும் எனக்குப் படியிலேயே தெரிந்துவிட்டது. உண்மையில் எனக்கு வெட்கம். பாடத்தை மறந்தேன் என்று ஒரு அதிகாரியிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான்கு நாள். காலை ஆறு, மாலை ஆறு. அண்ணா கேனைத் தள்ளிக்கொண்டு வருவார், ஊற்றுவார், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் பதிவேட்டை அவரே எடுத்துக் கையெழுத்திட்டு, தேதியும் மணியும் எழுதி, எனக்குக் காட்டிவிட்டு வைத்தார். புகை எங்கள் இருவர் காலையும் சுற்றி ஓடியது.

கிண்ணம் சுருங்கவில்லை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

சோதனை முடிந்ததும் முதல் வேலையாக நிர்வாக அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். "புகாரில் எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, தவறு என்னுடையது" என்று எழுதினேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, புகாரை ஃபைலிலிருந்து கழற்றினார். மாதக் கடைசியில் நீட்டிப்பு வந்துவிடும் என்றார். மூன்று வளைகோடும் இருந்த தாளை எடுத்துக்கொண்டு பிளான்ட் அறைக்கு ஓடினேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. நீங்க ஊத்தினது நிஜம்னே நான் நம்பியிருக்கணும். புகாரைத் திரும்ப வாங்கிட்டேன். குளிர்ல இது சுருங்கவே சுருங்காது, எனக்குத்தான் புத்தியில்லை."

தாளை வாங்கிப் பார்த்தார். மூன்று கோடும் ஒன்றாகத் தெரிந்ததில் அவருக்கு எது எது என்று புரிந்திருக்காது. விரலால் ஒருமுறை கோட்டைத் தடவினார்.

"இது எப்ப தெரிஞ்சுது மேடம் உங்களுக்கு? இன்னைக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"திங்கக்கிழமை. ஹாஸ்டல் படியில."

அவர் மனசுக்குள் நாள் எண்ணுவது தெரிந்தது.

"அப்ப இந்த நாலு நாளும், நான் ஊத்தறப்ப பக்கத்துல நின்னு பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்ணா."

"ஹவ்" என்றார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தாளை மடிக்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கும் நைட்ரஜன் வேணுமா என்று கேட்டார். வேணும், பக்கத்து மேசையில் தாமிரத் துண்டு காத்திருக்கிறது என்றேன்.

"அதுக்கும் நீங்க வந்து நிக்கறீங்களா, நான் மட்டும் ஊத்தினா போதுமா?"

நீங்க மட்டும் போதும்ணா என்று சொன்னேன். எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அவர் அதற்குள் கேனைத் தள்ளத் தொடங்கியிருந்தார்.