பத்துக்கும் இருபதுக்கும் நடுவே

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு பிரசவ ஆய்வுக் குழுவில் எனக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. கர்ப்பிணிகளின் வயது, உயரம், ரத்தசோகை என்று பல விவரங்களைச் செவிலியர்கள் அட்டைகளில் எழுதி வருவார்கள். யாருக்குப் பிரசவம் சிக்கலாகலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஜோசியம் இல்லை, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். சென்னையில் ஒரு கணிப்பொறி பழைய பிரசவங்களை வைத்து ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எடை கண்டுபிடித்துத் தந்திருந்தது. எடைகளைக் கூட்டி, வந்த தொகையை ஓர் அட்டவணையில் பார்த்தால், நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று தெரியும். அதற்கு மேல் கணக்கு வாய் திறக்காது. எந்த எண்ணைத் தாண்டினால் ஜீப் அனுப்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருவது என்பது எங்கள் பாடு.

முதலில் ஐம்பது என்று ஒரு யோசனை வந்தது. சிக்கலான பிரசவமே குறைவு என்பதால் ஐம்பதைத் தொடுகிறவர்கள் அபூர்வம். அப்படி வைத்தால் சிக்கல் வரப்போகிறவர்களில் பெரும்பாலோரை வீட்டிலேயே விட்டுவிடுவோம். குழுவின் தலைவியான டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்டதுமே முகம் சிவந்துவிட்டது.

"பத்து வைம்மா. ஒருத்தி கூடத் தவறக் கூடாது" என்றார்.

பத்து வைத்தோம். அழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் வாரக்கணக்கில் காத்துக் கிடந்து, சுகமாகப் பெற்றுக்கொண்டு போனார்கள். நெசவாளர் வீடுகளில் நூல் சுற்ற ஆளில்லாமல் தறி நின்றது. வார்டு நிரம்பி, திருச்சுழியிலிருந்து ரத்தப்போக்கோடு பஸ்ஸில் வந்த ஒருத்தியை வராந்தாவில் படுக்க வைத்தோம். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். பரளச்சியில் ஒரு வீட்டுக்காரர் ஜீப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

"போன தடவ எந் தங்கச்சியச் சும்மா கொண்டுபோயிப் போட்டு வச்சிருந்தீக. இவ வரமாட்டா, போங்க."

அவர் மனைவியின் எண் உண்மையிலேயே பெரிது. நாங்கள் சும்மா கூப்பிட்டவர்களுக்காக, கூப்பிட வேண்டியவள் வராமல் போகிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்தில் போட்டிருந்த கோட்டை உயர்த்தலாம் என்று சொன்னேன். "உயர்த்தினா எத்தனை பேரு விட்டுப்போவாங்க, அதைச் சொல்லு" என்றார் டாக்டரம்மா. சென்னையில் எடை கண்டுபிடிக்கச் சேர்க்காத பழைய பிரசவ அட்டைகள் ஒரு கட்டு இருந்தது. முடிவு தெரிந்த அட்டைகள். அவற்றில் பார்ப்பது என்று தீர்மானித்தோம். அந்தக் கட்டில் என் அட்டையும் இருந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் என் தலைப்பிள்ளை பிரசவத்திலேயே இறந்துபோனான். டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.

கோட்டைப் பத்திலிருந்து இருபதுக்கு ஏற்றிப் பார்த்தபோது, சும்மா வருகிறவர்களில் பாதிக்கு மேல் குறைந்தார்கள். சிக்கலானவர்களில் இருவர் கூடுதலாகக் கோட்டுக்குக் கீழே விடுபட்டார்கள். ஒருத்தியின் எண் பதினொன்று. இன்னொருத்தியுடையது பதினேழு. அது நான்.

பதினைந்து வைத்தால் நான் உள்ளே வந்துவிடுவேன். ஆனால் அப்போதும் கட்டில்கள் போதாது. யாரோ ஒருத்தியின் அட்டையாக இருந்திருந்தால் இருபது என்று உடனே சொல்லியிருப்பேன். அன்று என் எண்ணை மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அதற்காக அவரை இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

"இருபது" என்றேன்.

வார்டில் இடம் கிடைத்தது. ஜீப்பில் ஏற மறுப்பவர்களும் குறைந்தார்கள். ஆனால் கோட்டுக்குக் கீழே இருந்த ஒருத்தியின் குழந்தை இறந்தது. அன்று நாங்கள் இருவருமே சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் நான் மறுபடி உண்டானேன். என் எண்ணை நானே போட்டேன். முந்தைய பிள்ளை இறந்திருந்தால் அந்தக் கணக்கில் அதற்குப் பெரிய எடை. போன தடவை பதினேழு, இந்தத் தடவை முப்பதைத் தாண்டியது. இறந்த பிள்ளை என்னைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டிருந்தான். அட்டவணையை மூடிவைத்து நன்றாக அழுதேன்.

ஜீப் எங்கள் தெருவுக்கும் வந்தது. எங்கள் தறியும் நிற்குமே என்று மாமியார் வீட்டுப் பேச்சான தெலுங்கில் முணுமுணுத்தார். வார்டில் காத்துக் கிடந்தேன். பிரசவம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பெண் பிள்ளை, ஊரைக் கூட்டும் குரல்.

"ஒன்னையும் சும்மாத்தான் கூட்டியாந்திருக்கோம்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

வேலைக்குத் திரும்பியதும் என் புதிய அட்டையைச் சும்மா வந்தவர்களின் அட்டைக் கட்டுக்குள் நானே வைத்தேன். அந்தக் கட்டு தடிக்கத் தடிக்க எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதிலுள்ள ஒவ்வோர் அட்டைக்கும் எங்கோ ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.